வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையை விளம்பரத்தில் போடுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். மாசி மாதம் பிறந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து விடுதிக்காரரும் வள்ளக்காரரும் துண்டுப்பிரசுரத்துக்கும் பதாகைக்கும் வரத் தொடங்குவார்கள். கடல் அடங்கி ஆட்கள் வருவதற்கு முன் எல்லாம் அச்சாகி இருக்கவேண்டும். அநேகமாக எல்லோரிடமும் வாடிக்கையாளர் அனுப்பிய நாலைந்து மெசேஜ் இருக்கும். "தம்பி, இதையும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ" என்பார்கள். அந்த மெசேஜுகளை வைத்து வருடாவருடம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாயாலேயே எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"சூப்பர், நல்ல கவனிப்பு எண்டு பத்துப் பேர் சொல்லியிருக்கினம். அதுகளைப் போட்டாலே காணும்தானே?"

காணாது. "சூப்பர்" என்ற சொல் சாப்பாட்டுக் கடைக்கும் பொருந்தும், சலூனுக்கும் பொருந்தும். உங்கள் பிரசுரத்தைக் கையில் எடுப்பவருக்கு அது புதிதாக எதையும் சொல்வதில்லை. அவர் மனதில் இருப்பது ஒரு பயம். பிள்ளைகளோடு திமிங்கிலம் பார்க்க வரும் தாய்க்கு லைஃப் ஜாக்கெட் சின்னப் பிள்ளைக்கு அளவாக இருக்குமோ, நடுக்கடலில் சத்தி வந்தால் திருப்புவார்களோ, சொன்ன காசுக்கு மேலே கேட்பார்களோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தை அடக்கும் ஒரு வரியை, அதே பயத்தோடு வந்து போன இன்னொரு தாய் சொல்லியிருந்தால், அது பத்து "சூப்பர்"களை விடப் பெரிது.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் மெசேஜைக் கேட்பதில்லை. "உங்களுக்கு போன் எடுக்கிற ஆக்கள் திரும்பத் திரும்ப என்ன கேக்கினம்?" என்றுதான் கேட்பேன். அதில் மூன்றை எழுதிக்கொண்டு, அந்த மூன்றுக்கும் பதிலாக நிற்கக்கூடிய மூன்று கருத்துகளைத் தேடுவோம். ஒரு துண்டுப்பிரசுரத்துக்கு மூன்று போதும். அதற்கு மேல் போனால் யாரும் வாசிப்பதில்லை.

"அப்பிடி விவரமாச் சொல்லுற கருத்தை எப்பிடி வாங்கிறது? கேட்டால் ஒரு தம்ஸ்-அப் தான் அனுப்பீனம்."

கேள்வி எப்படியோ பதிலும் அப்படித்தான். "எங்களைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ" என்று கேட்டால், நல்லதாக நாலு வரி மட்டும்தான் வரும், அதுவும் வேண்டாவெறுப்பாக. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வெளிக்கிடேக்க முதல் என்ன யோசனை இருந்தது? வந்தாப்பிறகு அது எப்பிடிப் போனது? சரியில்லாமப்பட்டது ஏதும் இருந்ததோ?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். குறையைக் கேட்கும்போதுதான் அவர் உங்களை நம்பிக் கதைக்கத் தொடங்குவார். அந்தக் குறை உங்களுக்கு எப்படியும் தேவையானது.

நேரமும் முக்கியம். வள்ளத்தை விட்டு இறங்கும்போது ஆட்கள் களைத்து, நனைந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்போது கேட்டால் முன்னால் நிற்கிறீர்களே என்பதற்காக ஏதோ நல்லதாகச் சொல்லுவார்கள். அன்று இரவோ மறுநாளோ வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எழுதச் சிரமப்படுபவர் வாய்ஸ் அனுப்பட்டும், நீங்கள் எழுதி எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பிச் "சரியோ" என்று கேட்கலாம்.

"எனக்கு வந்த மெசேஜ்தானே. அதைப் போடுறதுக்கு அனுமதி என்னத்துக்கு?"

மெசேஜ் வந்தது உங்கள் போனுக்கு. வார்த்தை அவருடையது. அவர் உங்களுக்கு நன்றி சொன்னாரே தவிர, உங்கள் கடை வாசலில் நின்று ஊருக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அலுவலகத்தில் சுகயீன லீவு போட்டுவிட்டு வந்தவர், வீட்டில் சொல்லாமல் வந்தவர், மரணவீடு நடந்து வருடம் முடியுமுன் பிள்ளைகளின் ஆசைக்காக வந்தவர் என்று எத்தனையோ விதமான ஆட்கள் வருகிறார்கள். அவரின் பெயரும் வந்த திகதியும் பதாகையில் ஏறினால் என்ன நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதத்தை வைத்து அவருடைய விவரத்தைப் பயன்படுத்தினால் அந்தச் சம்மதத்தைத் திருப்பி எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. பெயர், முகம், ஊர் எல்லாம் அந்த விவரத்துக்குள் அடங்கும்.

"சரி, அனுமதி எப்பிடிக் கேக்கிறது? பத்திரம் எழுதி ஒப்பம் வாங்க ஏலுமோ?"

பத்திரம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் எழுத்தில் ஒரு "ஓம்" இருந்தால் போதும். ஆனால் எதற்கு "ஓம்" என்கிறார் என்பது தெளிவாக இருக்கவேண்டும். நான் எழுதிக் கொடுப்பது இது:

"வணக்கம் அக்கா. நீங்கள் அனுப்பின கருத்தில இருந்து இந்த வரிகளை எங்கட துண்டுப்பிரசுரத்திலயும் முகநூல் பக்கத்திலயும் போட விரும்புறம்: (வரிகள்). கீழ உங்கட முதல் பேரும் ஊரும் வரும். படம் போடமாட்டம். அடுத்த சீசன் முடியுமட்டும் பாவிப்பம். விருப்பமில்லாட்டி தயங்காமச் சொல்லுங்கோ, எப்ப சொன்னாலும் எடுத்துவிடுவம்."

இதில் ஐந்து விஷயம் இருக்கிறது: எந்த வரி, எங்கே வரும், எந்தப் பெயரில், எவ்வளவு காலம், எப்படி மாறுவது. வெட்டித் திருத்திய கடைசி வடிவத்தைத்தான் அனுப்பவேண்டும். முழு மெசேஜுக்கு "ஓம்" வாங்கிவிட்டு ஒரு வரியை மட்டும் எடுத்துப் போடுவது அனுமதி ஆகாது. பதில் வராவிட்டால் அதை "ஓம்" என்று எடுக்கக்கூடாது. ஒரு தடவை நினைவூட்டலாம், பிறகு விட்டுவிட்டு வேறொருவரிடம் கேளுங்கள்.

முதல் மெசேஜ், அவர் தந்த "ஓம்", அச்சான வடிவம் ஆகிய மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். போன் பழுதாகும், தண்ணியில் விழும், வள்ளக்காரர் போன் என்றால் கட்டாயம் விழும். மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும். பிரித்தானிய விளம்பர விதிக்கோவை, போடப்படும் கருத்து உண்மையானது என்பதற்கான ஆதாரத்தையும் சொன்னவரின் தொடர்பு விவரத்தையும் விளம்பரம் செய்பவர் கையில் வைத்திருக்கவேண்டும் என்று கேட்கிறது. இங்கே யாரும் வந்து கேட்காவிட்டாலும் பிடித்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

"அவ எழுதினதில பிழை இருக்கு, நீட்டாவும் இருக்கு. திருத்திச் சுருக்கிப் போடலாமோ?"

எழுத்துப்பிழையைத் திருத்தலாம். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றவேண்டாம். "வந்தனாங்கள்" என்பதை "வருகை தந்தோம்" என்று மாற்றியவுடன் அது மனிசர் சொன்னதுபோலவே இல்லாமல் போய்விடும். சுருக்கலாம், வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி போடவேண்டும். ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். நான் விட்ட பிழையையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் ஒரு வள்ளக்கார அண்ணருக்குத் துண்டுப்பிரசுரம் செய்தேன். மட்டக்களப்பிலிருந்து குடும்பமாக வந்த ஒரு அக்கா அவருக்கு அனுப்பிய மெசேஜ் இது: "காலமை ஆறு மணிக்கு வெளிக்கிட்டனாங்கள். முதல் ஒண்டரை மணித்தியாலம் ஒண்டையும் காணேல்ல, சின்னவனுக்குச் சத்தியும் வந்திட்டுது. திரும்புவம் எண்டு சொல்ல வாயெடுக்க ரெண்டு திமிங்கிலம் வள்ளத்துக்குக் கிட்ட வந்தது. ஓட்டின தம்பி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சத்தம் போடாமப் பாருங்கோ எண்டவர். பிள்ளையளுக்கு அளவான ஜாக்கெட் இருந்தது. திரும்பவும் வருவம்."

நான் போட்டது: "ரெண்டு திமிங்கிலம் வள்ளத்துக்குக் கிட்ட வந்தது... திரும்பவும் வருவம்." ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. புள்ளியும் போட்டேன். அண்ணருக்கும் பிடித்திருந்தது, 500 பிரதி அடித்தோம். அடுத்த மாதம் ஒரு குடும்பம் போய், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சுற்றி ஒன்றையும் காணாமல் வந்து, அந்தப் பிரசுரத்தைக் காட்டி அண்ணரோடு சண்டை பிடித்தது. அதே கிழமை மெசேஜ் அனுப்பிய அக்காவும் அண்ணருக்குப் போன் எடுத்தாராம். அவரின் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பிரசுரத்தைப் பார்த்து, போனவுடன் திமிங்கிலம் வரும் என்று நம்பி வந்துவிட்டார். "நான் காத்திருந்ததைச் சொன்னன்தானே, அதை ஏன் எடுத்தீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன சொற்களை வைத்தே அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வைத்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையதுதான், அண்ணருடையதல்ல.

"அப்ப எப்பிடி வெட்டியிருக்க வேணும்? முழுக்கப் போட்டால் சத்தி எடுத்த கதையும் வருமே."

இரண்டாம் பதிப்பில் இப்படிப் போட்டோம்: "முதல் ஒண்டரை மணித்தியாலம் ஒண்டையும் காணேல்ல... திரும்புவம் எண்டு சொல்ல வாயெடுக்க ரெண்டு திமிங்கிலம் வள்ளத்துக்குக் கிட்ட வந்தது. ஓட்டின தம்பி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சத்தம் போடாமப் பாருங்கோ எண்டவர். பிள்ளையளுக்கு அளவான ஜாக்கெட் இருந்தது."

வெளிக்கிட்ட நேரம், சத்தி, கடைசி வரி மூன்றும் போய்விட்டன. காத்திருந்தது நிற்கிறது. வெட்டும்போது நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த வரியை எடுத்தால், வாசிப்பவர் எதிர்பார்த்து வருவது மாறுமா? மாறுமென்றால் அந்த வரி இருக்கவேண்டும். மாறாதென்றால் எடுக்கலாம். ஒரு பிள்ளைக்குச் சத்தி வந்தது திமிங்கிலம் தெரியுமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எடுத்தேன். ஆனால் கடல் பயணத்தில் சத்தி வருவது வழமை. அதனால் "வெறும் வயிற்றோடு வராதீர்கள், சத்தி வருபவர்கள் மருந்தகத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அண்ணரின் குரலில் வேறாக ஒரு வரி சேர்த்தோம். அந்த அறிவுரையைச் சொல்லவேண்டியவர் அவர்தான்.

அந்த இரண்டாம் பதிப்பைப் பார்த்து வந்தவர்களில் பலர் கேட்டது ஜாக்கெட்டைப் பற்றியும் எஞ்சினை நிறுத்துவதைப் பற்றியும் என்று அண்ணர் பிறகு சொன்னார். முதல் பதிப்பில் நான் வெட்டி எறிந்த வரிகள் அவை. முதல் பதிலில் சொன்ன பயம் என்ற விஷயத்தை நான் அன்றுதான் படித்தேன்.

"கூடக் கண்ட ஆக்கள்ர கருத்தை மட்டும் போட்டால் என்ன? பொய்யில்லையே."

ஒவ்வொன்றும் உண்மையாக இருந்து, சேர்த்துப் பார்த்தால் பொய்யாக இருக்கலாம். ஒருவர் கண்டதைப் பிரசுரத்தில் போட்டால், வாசிப்பவர் அதை "எனக்கும் இதுதான் நடக்கும்" என்றே எடுத்துக்கொள்வார். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009இல் தன் வழிகாட்டலைத் திருத்தியபோது இந்த இடத்தில்தான் இறுக்கியது: அபூர்வமான விளைவைச் சொல்லும் கருத்தைப் போட்டுவிட்டு, "எல்லோருக்கும் இப்படி அமையாது" என்று சின்ன எழுத்தில் போட்டுத் தப்பமுடியாது, பொதுவாக என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவேண்டும். அது எங்கள் நாட்டுச் சட்டமல்ல, ஆனால் காரணம் எங்கள் கடற்கரைக்கும் பொருந்தும்.

வள்ளக்காரர்களுக்கு நான் சொல்வது ஒரு கொப்பி வையுங்கள் என்பதுதான். திகதி, வெளிக்கிட்ட நேரம், எத்தனை மணித்தியாலம், கண்டதா இல்லையா, இவ்வளவு போதும். உதாரணத்துக்கு, வைகாசியில் 22 நாள் போய் 15 நாள் கண்டிருந்தால், கருத்துக்குப் பக்கத்தில் "போன வைகாசியில் 22 பயணம், 15இல் கண்டோம்" என்று போடலாம். திருகோணமலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாவதால்தான் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. ஆனால் அது கடல் விலங்கு, அட்டவணை பார்த்து வருவதில்லை. 22க்கு 15 என்பது வெட்கப்படவேண்டிய எண்ணிக்கையல்ல. காணாமல் திரும்பும் ஏழு நாளும் வருபவர்கள் அதை அறிந்தே ஏறியிருப்பார்கள், கரையில் சண்டை இருக்காது.

குறை சொன்னவர்களின் கருத்தையும் அச்சிடவேண்டுமா என்றும் கேட்பார்கள். அச்சிடத் தேவையில்லை, பிரசுரத்துக்கு நல்லதைத் தெரிவது நியாயம்தான். ஆனால் ஒரே குறையைப் பலர் சொல்லியிருக்கும்போது அதற்கு நேரெதிரான ஒருவரைத் தேடிப் பிடித்துப் போடுவது நியாயமில்லை. அறையில் இரவு தண்ணி வருவதில்லை என்று ஆறு பேர் சொல்லியிருக்க, "தண்ணிப் பிரச்சினை இல்லை" என்று சொன்ன ஏழாவது ஆளைப் போடாதீர்கள். தண்ணித் தொட்டியைத் திருத்துங்கள்.

"இப்பத்தான் தொடங்கினனான். சொந்தக்காரரிட்டச் சொல்லி நாலு கருத்து எழுதுவிக்கலாமோ?"

வேண்டாம். வராதவர் வந்ததாக எழுதினால் அது பொய். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் நுகர்வோரை ஏமாற்றும் அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய்யாக எடுத்துரைப்பதைத் தடுக்கிறது. முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கம் இருப்பது உங்கள் வாடிக்கையாளருக்கும் தெரியும். சட்டத்தை விடுங்கள், உவர்மலையில் இருக்கும் மச்சான் நிலாவெளியில் தங்கியதாக எழுதினால் கண்டுபிடிக்க இந்த ஊரில் எத்தனை நாள் வேண்டும்?

மெய்யாகவே வந்து தங்கிய சொந்தக்காரர் என்றால் போடலாம், "உரிமையாளரின் ஒன்றுவிட்ட சகோதரி" என்று கீழே எழுதவேண்டும். அநேகமானோர் அதை எழுத விரும்புவதில்லை. அப்படியென்றால் போடவேண்டாம். கருத்தே இல்லாத காலத்தில் அந்த இடத்தில் வேறு உறுதியான விஷயம் போடலாம்: லைஃப் ஜாக்கெட் எத்தனை, எந்த அளவுகளில்; ஓட்டுபவர் எத்தனை வருடம் இந்தக் கடலில் தொழில் செய்தவர்; காற்று எழும்பிப் பயணம் நின்றால் காசு திருப்பித் தரப்படுமா. முதல் சீசனுக்கு அது தாராளம்.

"கருத்து எழுதினால் 10 வீதம் கழிவு தாறம் எண்டு போடலாமோ?"

கூகுளில் எழுதுவதற்கென்றால் கூடாது. காசோ கழிவோ இலவசப் பொருளோ கொடுத்துக் கருத்து வாங்குவதைக் கூகுள் தன் விதிகளில் தடுத்திருக்கிறது, கூடாத கருத்தை நீக்கச் சொல்லி எதையும் கொடுப்பதையும் சேர்த்து. சந்தோசமாகப் போனவர்களை மட்டும் தெரிந்து கேட்பதும் அதே விதிக்குள்தான் வருகிறது. டிரிப்அட்வைசரும் பரிசு கொடுத்துக் கருத்து வாங்க விடுவதில்லை. "கூகுளில் எழுதுங்கோ" என்று கியூஆர் அட்டை வைப்பதில் பிழையில்லை. எல்லோருக்கும் ஒரே அட்டையைக் கொடுங்கள்.

உங்கள் சொந்தப் பிரசுரத்துக்கென்றால், கருத்துத் தந்தவருக்கு நீங்கள் ஏதும் கொடுத்திருந்தால் அதை அந்தக் கருத்தோடு சேர்த்தே சொல்லவேண்டும். யூடியூப் சானல் வைத்திருப்பவரை இலவசமாகக் கூட்டிப்போய் அவர் சொன்னதைப் போட்டால், "எங்கள் விருந்தாளியாக இலவசமாக வந்தார்" என்று ஒரு வரி வேண்டும். கருத்தை வாங்கியபின், கேட்காமலே நன்றிக்கு ஒரு இளநீர் கொடுப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

"கூகுளில எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பதாகையில போடலாமோ? அது ஊருக்கே திறந்து கிடக்கிறதுதானே."

திறந்து கிடப்பதும் உங்கள் பதாகையில் ஏறச் சம்மதித்ததும் ஒன்றல்ல. அனுமதியைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். எழுதியவரின் இலக்கம் உங்களிடம் இல்லாவிட்டால், அந்தக் கருத்துக்குக் கீழேயே பதிலாக எழுதிக் கேட்கலாம். ஸ்கிரீன்ஷாட்டில் அவருடைய முகப்படமும் முழுப்பெயரும் சேர்ந்து வரும் என்பதையும் கவனியுங்கள். வரியை மட்டும் தனியாக அடித்து, "கூகுள் கருத்து" என்று மாதத்தோடு போடுவது மேல்.

நட்சத்திர எண்ணிக்கையைப் போடுபவர்கள் எத்தனை பேர் தந்தது, எந்தத் திகதியில் பார்த்தது என்ற இரண்டையும் போடவேண்டும். மூன்று பேர் தந்த 5.0ம் முந்நூறு பேர் தந்த 4.6ம் ஒன்றல்ல. பதாகை இரண்டு வருடம் தொங்கும், கூகுள் எண் கிழமைக்குக் கிழமை மாறும்.

"சிங்கள ஆக்களும் வெள்ளைக்காரரும் எழுதினதைத் தமிழில மாத்திப் போடலாமோ?"

போடலாம், "மொழிபெயர்ப்பு" என்று அருகில் எழுதுங்கள். எங்கள் ஊரில் மூன்று மொழியிலும் பிரசுரம் அடிக்கிறோம், அதனால் இது அடிக்கடி வரும். நான் பார்த்த வழமையான பிழை, மொழிபெயர்க்கும்போது புகழ் கூடிவிடுவது. "ஹொந்தய்" என்று சிங்களத்தில் ஒருவர் எழுதியது தமிழில் "மிகவும் அருமை" என்று வந்திருந்தது. "நல்லம்" என்பதுதான் அது. மொழி தெரிந்த இன்னொருவரிடம் தமிழைக் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல், அதைத் திரும்ப அந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கூடியது குறைந்தது அப்போது தெரிந்துவிடும். மூலத்தையும் ஃபோல்டரில் வையுங்கள்.

"பேர் போட விருப்பமில்லை எண்டீனம். பேரில்லாமப் போட்டால் ஆர் நம்புவினம்?"

பெயரை விட, சொன்ன விவரம்தான் நம்ப வைக்கிறது. "ஒரு தாய், மட்டக்களப்பு, வைகாசி மாதம்" என்பதோடு சின்னவனின் ஜாக்கெட்டைப் பற்றிய வரி இருந்தால் நம்புவார்கள். "ரமேஷ், கொழும்பு: சூப்பர்" என்பதை யாரும் நம்புவதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பெயர் தரமறுத்தவருக்கு நீங்களே ஒரு பெயர் வைப்பது. இணையத்தில் எடுத்த யாரோ ஒருவரின் முகப்படத்தைப் பக்கத்தில் ஒட்டுவதும் அதே பொய்தான்.

பெயரை எடுத்தாலும் சில வேளை ஆள் தெரிந்துவிடும். "மூதூரில் இருந்து வந்த பாடசாலை அதிபர்" என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியான விவரத்தை இன்னும் பொதுவாக்குங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேட்கவேண்டும். தாய் தன் வார்த்தைக்குத் தந்த "ஓம்" பிள்ளையின் படத்துக்குச் செல்லாது. முதுகுப் பக்கமாக, கடலைப் பார்த்து நிற்கும் படமே பிரசுரத்துக்கு அழகு என்பது என் அபிப்பிராயம்.

"எங்கட மூலிகை எண்ணெய் பூசி மூட்டுவலி மாறினது எண்டு ஒரு ஐயா சொன்னவர். அவர் சொன்னதுதானே, நான் சொல்லேல்லையே?"

உங்கள் லேபிளில் ஏறியதும் அது நீங்கள் சொன்னதுதான். நீங்களாகச் சொல்லமுடியாத ஒன்றை வாடிக்கையாளர் வாயால் சொல்லவைக்க முடியாது, இது எல்லாக் கருத்துக்கும் பொருந்தும் விதி. அந்த ஐயாவுக்கு வலி குறைந்தது உண்மையாக இருக்கலாம். எண்ணெயால் குறைந்ததா, உருவிவிட்டதால் குறைந்ததா, நாள்பட்டுத் தானாகக் குறைந்ததா என்பது அவருக்கும் தெரியாது. அதை நம்பி இன்னொருவர் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிட்டால் அதைச் சரிக்கட்ட வழியில்லை. நோய் மாறியது என்ற கருத்தை நான் அச்சிடுவதில்லை, வேலை போனாலும் பரவாயில்லை. மணம், பிசுபிசுப்பில்லாமல் ஊறுவது, போத்தல் ஒழுகாமல் வந்து சேர்ந்தது போன்றவற்றைப் பற்றிய கருத்து இருந்தால் கொண்டுவாருங்கள்.

"2019இல ஒருத்தர் எழுதினது நல்லா இருக்கு. இன்னும் போடலாமோ?"

அவர் புகழ்ந்தது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் புகழ்ந்த சமையற்காரர் போய்விட்டார், வள்ளம் மாறிவிட்டது, கட்டிலும் மெத்தையும் பழசாகிவிட்டன என்றால் எடுத்துவிடுங்கள். கடற்கரை தெரியும் காட்சியைப் புகழ்ந்திருந்து, முன்னால் இன்று யாரும் கட்டடம் எழுப்பவில்லை என்றால் நிற்கலாம், மாதமும் வருடமும் சேர்த்து. மாதம் ஏன் முக்கியமென்றால், ஆடியில் நிலாவெளிக் கடல் குளம் மாதிரி இருக்கும், மார்கழியில் அதே இடத்தில் கால் நனைக்கப் பயமாக இருக்கும். "பிள்ளைகள் பயமில்லாமல் குளித்தார்கள்" என்ற வரி மாதம் இல்லாமல் போகக்கூடாது.

"போட்டாப்பிறகு எடுக்கச் சொல்லுறா. ஆயிரம் பிரசுரம் அடிச்சாச்சே?"

முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருப்பதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். விடுதி வரவேற்பிலும் ஆட்டோக்காரரிடமும் இருக்கும் கட்டுகளைத் திருப்பி எடுக்கலாம். ஏற்கெனவே ஆட்களின் கைக்குப் போனதை எடுக்கமுடியாது, அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். மிச்சப் பிரதிகளில் அந்த இடத்தின்மேல் ஒரு ஒட்டி அடித்து ஒட்டிவிடலாம், ஆயிரம் பிரதியையும் திரும்ப அடிப்பதை விட மலிவு. இதற்காகத்தான் முதல் தடவை 300க்கு மேல் அடிக்கவேண்டாம் என்று சொல்லுவேன், அச்சகக்காரன் சொல்லக்கூடாத கதையாக இருந்தாலும். ஏன் எடுக்கச் சொல்கிறார் என்று கேட்டு வற்புறுத்தவேண்டாம்.

"ஒரு ஐயா எங்களைப் புகழ்ந்து எழுதேக்க, பக்கத்து வள்ளக்காரர் தன்னை ஏமாத்தினவர் எண்டும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதையும் போட்டால் எங்களுக்கு நல்லம்தானே?"

அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், அவரே "போடுங்கோ" என்று சொன்னாலும். ஐயா சொன்னது உண்மையா என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்கே இருக்கவில்லை. எண்ணெய்க்குச் சொன்னதுதான் இதற்கும்: அச்சானதும் அது உங்கள் வாயால் வந்த குற்றச்சாட்டு. பெயர் போடாமல் "பக்கத்து வள்ளம்" என்று போட்டாலும் அந்தக் கடற்கரையில் யாரென்று தெரியாதவர் இல்லை.

வெட்டினால் பொருள் மாறுமா என்ற கேள்வியை இங்கும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வள்ளத்தைப் பற்றி வாசிப்பவர் எதிர்பார்ப்பது அந்த வரி இல்லாமல் மாறுவதில்லை, அதனால் எடுக்கலாம். அதே மெசேஜில் "இவையள் சொன்ன காசுக்கு மேல ஒரு சதமும் கேக்கேல்ல, டிக்கெட் காசு வேற எண்டு முதலே சொன்னவை" என்று ஒரு வரி இருந்தது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுப் பூங்காவுக்குப் போகும் எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம் அது, பூங்கா நுழைவுக் கட்டணமும் வள்ளக் காசும் வேறுவேறு என்பது பலருக்குக் கரைக்கு வந்தபிறகுதான் தெரியவருகிறது. அந்த வரியை மட்டும் எடுத்து, ஐயாவுக்கு அனுப்பி "ஓம்" வாங்கி, பிரசுரத்தின் முன்பக்கத்தில் போட்டோம்.